டைட்டில் மாற்றி ஒரு மாதம்: கிளையண்டுக்குப் போகும் கடிதத்தில் "30% உயர்வு" என்று எழுதலாமா?

தறிக்காரன் · ஏப்ரல் 4, காலை 10:20

நாலு பேர் இருக்கும் சின்ன ஏஜென்சி எங்களுடையது. கிளையண்ட் தையல் இயந்திர உதிரிபாகங்கள் விற்கும் தளம் நடத்துகிறார். மொத்தம் 210 பக்கங்கள். அதில் 36 பக்கங்களின் `<title>` மட்டும் மார்ச் 4 அன்று மாற்றினோம். உள்ளடக்கம், படம், இணைப்பு எதையும் தொடவில்லை. இப்போது மாதக் கடிதம் போக வேண்டும்.

சர்ச் கன்சோலில் எடுத்த கணக்கு இது. மாற்றத்துக்கு முந்தைய 28 நாள், பிந்தைய 28 நாள். அந்த 36 பக்கங்களின் கிளிக் 1,240இலிருந்து 1,612 ஆகியிருக்கிறது. இம்ப்ரெஷன் 62,000இலிருந்து 74,400.

எங்கள் முதலாளி எழுதிய வரைவின் முதல் வரி: "டைட்டில் மாற்றங்களால் உங்கள் தளத்தின் கிளிக்குகள் ஒரே மாதத்தில் 30% உயர்ந்துள்ளன." மீதி எல்லாம் வரைபடமும் நன்றியும்தான்.

கணக்கு சரிதான். ஆனால் "மாற்றங்களால்" என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. அப்படியே அனுப்பலாமா?

வேகப்பந்து · ஏப்ரல் 4, காலை 10:41

30% வந்திருக்கிறது, அனுப்ப என்ன தயக்கம்? ஒரு வரியில் சொல்வதை நாலு பக்கம் சொன்னால் கிளையண்டுக்குச் சந்தேகம்தான் வரும். ஆனால் ஒன்று பாருங்கள்: புது டைட்டில் எல்லாம் 60 எழுத்துக்குள் இருக்கிறதா? தாண்டினால் கூகுள் தரவரிசையைக் குறைத்துவிடும்.

பழையமரம் · ஏப்ரல் 4, மதியம் 1:15

60 எழுத்து விதி என்று ஒன்று கிடையாது. தேடல் முடிவில் அந்த வரிக்கு இருக்கும் இடம் குறைவு, அகலம் மீறினால் மூன்று புள்ளி வைத்து வெட்டுவார்கள், அவ்வளவுதான். தண்டனை எதுவும் இல்லை. தமிழ் எழுத்துகளுக்கு அந்த எண்ணிக்கை இன்னும் பொருந்தாது. கொம்பும் காலும் எண்ணிக்கையில் தனித்தனியாக வரும், அகலத்தில் வேறு மாதிரி வரும். முக்கியமான சொல் முதலில் இருந்தால் போதும்.

தறிக்காரன், உங்கள் எண்களை முதலில் பிரித்துப் பாருங்கள். கிளிக் 30% கூடியது. இம்ப்ரெஷன் 20% கூடியது. கிளிக் விகிதம் 2 சதவீதத்திலிருந்து 2.17 ஆகியிருக்கிறது, அதாவது ஏறத்தாழ 8% மட்டுமே உயர்வு. 1.20 பெருக்கல் 1.083, அதுதான் உங்கள் 1.30. டைட்டிலைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்கள் அந்த 8க்குள்தான் இருக்கிறார்கள். அந்த 20 எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. மார்ச்சில் அதிகம் பேர் தேடியிருக்கலாம். அல்லது புது டைட்டிலால் பக்கம் மேலே ஏறி அதிகம் பேர் கண்ணில் பட்டிருக்கலாம். இரண்டும் வேறு கதை.

தொடாத 174 பக்கங்கள் என்ன ஆயின?

நிழற்படம் · ஏப்ரல் 4, மதியம் 2:03

நானும் போன மாதம் டைட்டில் மாற்றினேன்! என் சேனலில் பழைய காணொளிகள் பத்துக்குக் கேள்வி வடிவில் தலைப்பு வைத்தேன், பார்வை எகிறிவிட்டது. "இதைச் செய்யாதீர்கள்" என்று ஆரம்பித்தால் இன்னும் நன்றாகப் போகிறது. உங்கள் கிளையண்டுக்கும் முயன்று பாருங்கள்.

தறிக்காரன் · ஏப்ரல் 4, மதியம் 2:30

நிழற்படம், இது காணொளி இல்லை, வலைப்பக்கத்தின் `<title>`. உதிரிபாகம் வாங்க வருகிறவரிடம் "இந்த பாபின் கேஸை வாங்காதீர்கள்" என்று சொன்னால் அவர் வாங்க மாட்டார் :)

பழையமரம் அண்ணா, தொடாத 174 பக்கங்கள்: 3,100இலிருந்து 3,565. அதுவே 15% உயர்வு. டைட்டிலைத் தொடாமலேயே.

அப்படியானால் எங்களுடையது 30 கழித்தல் 15, அதாவது 15% என்று எழுதலாமா?

பழையமரம் · ஏப்ரல் 4, மாலை 6:48

கழிக்காதீர்கள், வகுங்கள். 1.30ஐ 1.15ஆல் வகுத்தால் 1.13. ஆக 13%. ஆனால் அதையும் இப்போதே எழுத வேண்டாம். 36 பக்கங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

தறிக்காரன் · ஏப்ரல் 4, இரவு 9:10

வழக்கமான முறைதான். சராசரி இடம் 4க்கும் 12க்கும் நடுவில், இம்ப்ரெஷன் நிறைய, கிளிக் விகிதம் குறைவு. பிப்ரவரித் தரவை அப்படி வரிசைப்படுத்தி மேலிருந்து எடுத்தோம். அப்படித்தானே எல்லோரும் எடுப்பார்கள்?

பழையமரம் · ஏப்ரல் 5, காலை 7:30

எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள். அதனால்தான் எல்லோருடைய கடிதத்திலும் உயர்வு வருகிறது.

ஒரு பக்கம் பிப்ரவரியில் மோசமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் டைட்டில், பாதி வெறும் தற்செயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் ஏதோ ஒரு போட்டித் தளம் மேலே வந்திருக்கும், சில நாள் இடம் இறங்கியிருக்கும். மோசமானவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கும்போது தற்செயலாகக் கீழே விழுந்தவையும் சேர்ந்தே உங்கள் கைக்கு வரும். அவை அடுத்த மாதம் தானாகவே எழுந்துவிடும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கஷாயம் கொடுத்தால் மறுநாள் இறங்கத்தான் செய்யும். கஷாயத்துக்குப் பேர் கிடைத்துவிடும்.

ஆகவே எல்லா 174 பக்கங்களோடும் ஒப்பிடுவது சரியில்லை. அவற்றில் நன்றாக இருந்தவையும் உண்டு. அதே அளவுகோலில் பிப்ரவரியில் மோசமாக இருந்து, நீங்கள் தொடாமல் விட்ட பக்கங்கள் ஏதாவது இருக்கிறதா?

தறிக்காரன் · ஏப்ரல் 5, காலை 11:52

இருக்கிறது! பட்டியலில் 58 பக்கங்கள் இருந்தன. 22 பக்கங்களுக்கு கிளையண்டின் ஆட்கள் அனுமதி தர இழுத்தடித்தார்கள், அதனால் அப்படியே நின்றுவிட்டன. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்று அவைதான் எங்களுக்குக் கைகொடுக்கின்றன.

அந்த 22: 690இலிருந்து 828. சரியாக 20%.

ஆக 1.30ஐ 1.20ஆல் வகுத்தால் 1.083. எட்டு சதவீதம். 30இல் ஆரம்பித்து 8இல் வந்து நிற்கிறோம். முதலாளியிடம் சொன்னேன். "நீ யார் பக்கம்?" என்று கேட்டார்.

வேகப்பந்து · ஏப்ரல் 5, மதியம் 12:20

அதைத்தான் சொன்னேன். தோண்டத் தோண்டக் குறையும். போட்டி ஏஜென்சி 30 என்று எழுதும், நீங்கள் 8 என்று எழுதுவீர்கள், கிளையண்ட் யாரிடம் போவார்?

மறுகரை · ஏப்ரல் 5, மாலை 4:05

நான் அந்தப் பக்கத்து ஆள். ஒரு நிறுவனத்தில் இருந்துகொண்டு இதுபோன்ற கடிதங்களை வாங்கிப் படிக்கிறவள். வேகப்பந்துக்கு ஒன்று சொல்கிறேன். மாதாமாதம் 30, 25, 28 என்று உயர்வு காட்டிய ஒரு ஏஜென்சியின் கடிதங்களை வரிசையாக அடுக்கிப் பெருக்கிப் பார்த்தேன். அவர்கள் சொன்னது நிஜமாக இருந்தால் எங்கள் தளத்துக்கு இரண்டு ஆண்டுகளில் வந்திருக்க வேண்டிய கூட்டத்துக்கு நாங்கள் கட்டடம் மாறியிருப்போம். அந்த ஏஜென்சி இப்போது எங்களோடு இல்லை.

எனக்கு வேண்டியது சதவீதம் இல்லை. அடுத்த மாதம் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று கடிதத்தைப் படித்துத் தெரிய வேண்டும். உங்கள் 8% அதைச் சொல்லவில்லை. 36 பக்கங்களிலும் ஒரே மாதிரி வேலையா செய்தீர்கள்?

தறிக்காரன் · ஏப்ரல் 5, இரவு 10:37

இல்லை. இந்தக் கேள்வியை நாங்களே கேட்டிருக்க வேண்டும், அது வேறு. இரண்டு விதமான வேலை நடந்தது.

9 பக்கங்களில் டைட்டில் அடிப்படையிலேயே உடைந்திருந்தது. டெம்ப்ளேட்டில் ஏதோ கோளாறு. எல்லாவற்றிலும் "உதிரிபாகங்கள் – முகப்பு" என்று மட்டும் இருந்தது. பாகத்தின் பெயரே இல்லை. அங்கே பெயரும் எந்த வகை இயந்திரத்துக்கு என்பதும் சேர்த்தோம்.

மீதி 27 பக்கங்களில் டைட்டில் ஏற்கெனவே சரியாகவே இருந்தது. "ஓவர்லாக் ஊசிகள் – அளவு வாரியாக" என்ற மாதிரி. அவற்றின் பின்னால் "சிறந்த விலை, விரைவான அனுப்புதல்" என்று ஒட்டினோம். மெருகு என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரித்துப் போட்டால்:

உடைந்த 9 பக்கங்கள்: 310இலிருந்து 560.
மெருகு போட்ட 27 பக்கங்கள்: 930இலிருந்து 1,052.

முதலாவது 81% உயர்வு. இரண்டாவது 13%. தொடாமல் விட்ட 22 பக்கங்களே 20% ஏறியிருக்கும்போது, மெருகு போட்டவை 13தான். அதாவது நாங்கள் கை வைக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ?

தறிக்காரன் · ஏப்ரல் 5, இரவு 11:15

இன்னும் ஒன்று. அந்த 9இலும் ஒரே ஒரு பக்கம்தான் எல்லாவற்றையும் இழுக்கிறது. பாபின் கேஸ் பக்கம்: 160இலிருந்து 370. மற்ற எட்டும் சேர்ந்து 150இலிருந்து 190. பாபின் கேஸை மட்டும் எடுத்துவிட்டால் மொத்த 35 பக்கங்களின் உயர்வு 15%. தொடாதவற்றைவிடக் குறைவு.

ஆக முதலாளியின் 30% என்பது ஒரே பக்கம்.

பழையமரம் · ஏப்ரல் 6, காலை 6:55

நல்ல வேலை. ஆனால் இப்போது எதிர்ப்பக்கம் சாயாதீர்கள்.

மெருகு போட்டது கெடுத்துவிட்டது என்று எழுத உங்கள் எண்ணிக்கை போதாது. ஆயிரம் கிளிக்குக்கு முப்பதோ அதற்கு மேலோ தற்செயலாகவே ஆடும். ஒப்பிடும் 22 பக்கங்கள் அதைவிடச் சின்னக் கூட்டம், அதுவும் தன் பங்குக்கு ஆடும். இரண்டு ஆட்டத்தையும் சேர்த்தால் 13க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்த மொத்த 8 சதவீதமும் அப்படித்தான், கிட்டத்தட்ட விளிம்பில் நிற்கிறது. எட்டுப் பக்கங்களின் 150, 190 பற்றியும் பேச ஒன்றுமில்லை. தானாகவே 180 வந்திருக்கும்.

சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது பாபின் கேஸ் ஒன்றுதான். 160 எங்கே, 370 எங்கே. ஆனால் அதுவும் டைட்டிலால்தானா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, தேடல் சொல் வாரியாக, முன்னும் பின்னும் எந்த இடம் என்று எடுங்கள். இடம் ஏறிய நாள் எது, கூகுள் அந்தப் பக்கத்தை மறுபடி க்ரால் செய்த நாள் எது? இடம் முதலில் ஏறி க்ரால் பிறகு நடந்திருந்தால் உங்கள் டைட்டிலுக்கு அதில் பங்கு இல்லை.

இன்னொன்று. 27 பக்கங்களில் உங்கள் டைட்டில் தேடல் முடிவில் நிஜமாகவே தெரிகிறதா? நீங்கள் எழுதியதையே கூகுள் காட்டும் என்று கட்டாயம் இல்லை. 2021 ஆகஸ்டில் அந்த முறையை மாற்றினார்கள், நிறைய முணுமுணுப்பு எழுந்தது, செப்டம்பரில் அவர்களே சொன்ன கணக்குப்படி `<title>` பயன்படுவது 87 சதவீத நேரம். மீதி நேரம் `h1` தலைப்பையோ பக்கத்தில் இருக்கும் வேறு எழுத்தையோ எடுத்துப் போடுவார்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே வால் ஒட்டினால் அதை வெட்டவும் மாற்றவும் வாய்ப்பு அதிகம்.

நிழற்படம் · ஏப்ரல் 6, காலை 9:12

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். காணொளியில் பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு இன்னொன்றும் காட்டி எது நன்றாகப் போகிறது என்று பார்ப்பேன். உங்களுக்கு அது முடியாதா? இவ்வளவு வகுத்தல் பெருக்கல் எதற்கு?

பழையமரம் · ஏப்ரல் 6, காலை 9:40

நல்ல கேள்வி, குறுக்கே ஒன்றும் இல்லை. தேடலில் ஒரு முகவரிக்கு ஒரு டைட்டில்தான். ஆட்களைப் பாதியாகப் பிரிக்க முடியாது. பக்கங்களைத்தான் பிரிக்க முடியும்: சிலவற்றை மாற்று, அதே மாதிரி சிலவற்றைத் தொடாமல் விடு. அதனால்தான் அந்த 22 பக்கங்களை இவ்வளவு கொண்டாடுகிறேன்.

தறிக்காரன் · ஏப்ரல் 6, மாலை 5:25

பார்த்துவிட்டேன். இரண்டு செய்தி.

பாபின் கேஸ் பக்கம் மார்ச் 7 அன்று க்ரால் ஆகியிருக்கிறது. "பாபின் கேஸ்" என்ற தேடலில் சராசரி இடம் 9ஆக இருந்தது, 10ஆம் தேதி வாக்கில் 4க்கு வந்து அங்கேயே நிற்கிறது. வரிசை சரியாக இருக்கிறது. போட்டித் தளம் எதுவும் அந்த வாரம் காணாமல் போகவில்லை, நானறிந்த வரையில்.

27 பக்கங்கள் கதை வேறு. ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தேன். 11 பக்கங்களில் எங்கள் டைட்டிலே தெரியவில்லை, `h1` தெரிகிறது. பழையபடியே. இன்னும் 5 பக்கங்களை மார்ச் 22க்குப் பிறகுதான் க்ரால் செய்திருக்கிறார்கள். மார்ச் 4 முதல் "பிந்தைய காலம்" என்று நாங்கள் எண்ணியதில் பெரும்பகுதி அந்தப் பக்கங்களுக்குப் பழைய டைட்டில் காலம்தான். மீதி 11 பக்கங்களில்தான் மெருகு முழுசாகக் களத்தில் இறங்கியிருக்கிறது. சும்மா ஒரு வேடிக்கைக்கு முதலாளியிடம் கேட்டேன்: "யாரும் பார்க்காத டைட்டிலால் கிளிக் எப்படிக் கூடும்?" பதில் வரவில்லை.

வேகப்பந்து · ஏப்ரல் 6, மாலை 6:10

க்ரால் தாமதம் எல்லாம் உங்கள் சோம்பல். ஒவ்வொரு முகவரியையும் ஆய்வுக் கருவியில் போட்டு இண்டெக்ஸ் கோரிக்கை கொடுத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். அப்புறம் இன்னொன்று, கூகுள் டைட்டிலை மாற்றிக் காட்டுகிறது என்றால் டைட்டில் எழுதுவதே வீண் என்றாகிறதே?

பழையமரம் · ஏப்ரல் 6, இரவு 8:30

கோரிக்கை கொடுப்பது நல்லதுதான், கொடுத்திருக்கலாம். ஒரே நாள் என்று உறுதி கிடையாது, ஒரு நாளைக்கு இத்தனை என்று வரம்பும் உண்டு.

வீண் இல்லை. காட்டும் தலைப்பு ஒன்று, பக்கம் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ளப் படிக்கும் டைட்டில் இன்னொன்று. பாபின் கேஸ் பக்கத்தில் `h1` சரியாக இருந்ததா?

தறிக்காரன் · ஏப்ரல் 6, இரவு 8:52

இருந்தது. "பாபின் கேஸ்" என்றே.

பழையமரம் · ஏப்ரல் 6, இரவு 9:20

அப்படியானால் இதைப் பாருங்கள். "உதிரிபாகங்கள் – முகப்பு" என்று பொதுவாக இருந்த டைட்டிலை கூகுள் அப்போதே ஓரங்கட்டிவிட்டு `h1` காட்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் தேடுகிறவர் கண்ணுக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே தலைப்புதான். மாறியது இடம். 9இலிருந்து 4. அதாவது அழகான டைட்டில் ஆளை இழுக்கவில்லை, சரியான டைட்டில் பக்கத்தை மேலே ஏற்றியது. உங்கள் 20% இம்ப்ரெஷன் உயர்விலும் இதன் பங்கு இருக்கும். மாற்றத்துக்கு முன் தேடல் முடிவைப் படம் பிடித்து வைத்திருந்தால் இப்போது ஊகிக்க வேண்டியதில்லை. முன்பு எந்தத் தலைப்பு தெரிந்தது என்பதை சர்ச் கன்சோல் சொல்லாது.

மறுகரை · ஏப்ரல் 7, காலை 10:05

கடிதத்தில் சராசரி இடம் போடப் போகிறீர்களா? எனக்கு வரும் கடிதங்களில் அதுதான் பெரிய குழப்பம். கிளிக் கூடும், சராசரி இடம் கெடும். இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டுவிட்டு ஒரு விளக்கமும் இருக்காது.

தறிக்காரன் · ஏப்ரல் 7, காலை 10:48

எங்களுடையதிலும் அதே கதைதான், 8.1இலிருந்து 9.4. முதலாளி அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார்.

எனக்குப் புரிந்த வரையில், ஒரு பக்கம் ஒரு தேடலில் 4ஆம் இடத்தில் 100 முறை தோன்றியது. டைட்டிலில் புதுச் சொல் சேர்ந்ததும் இன்னொரு தேடலில் 40ஆம் இடத்தில் 50 முறை தோன்ற ஆரம்பித்தது. முன்பு சராசரி 4. இப்போது 16. யாரும் கீழே இறங்கவில்லை. முன்பு கூட்டத்திலேயே இல்லாத ஒருவர் கடைசி வரிசையில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான்.

எடுத்துவிடாமல் இதையே ஒரு பத்தியாக எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். கிளையண்டுக்கும் சர்ச் கன்சோல் அணுகல் இருக்கிறது. எப்படியும் பார்ப்பார்.

மறுகரை · ஏப்ரல் 7, காலை 11:02

எழுதுங்கள். நாங்களாகக் கண்டுபிடித்துக் கேட்பதைவிட நீங்கள் சொல்வது மேல். போன ஆண்டு மார்ச்சோடும் ஒப்பிடுவீர்களா? பதினாறு மாதத் தரவு இருக்குமே.

பழையமரம் · ஏப்ரல் 7, மதியம் 12:40

கிளிக்கை ஒப்பிடலாம். இம்ப்ரெஷனையும் சராசரி இடத்தையும் போன ஆண்டோடு ஒப்பிட வேண்டாம். ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்டும் `num=100` வசதியை கூகுள் 2025 செப்டம்பரில் நிறுத்தியது. தரவரிசை பார்க்கும் கருவிகள் அதை வைத்துத்தான் ஓடின. அவை ஏற்றிக்கொண்டிருந்த இம்ப்ரெஷன் பல தளங்களில் அன்றோடு விழுந்தது, சராசரி இடம் "முன்னேறியது". அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் ஒரே அளவுகோல் இல்லை.

தறிக்காரன் · ஏப்ரல் 7, இரவு 11:30

போன ஆண்டும் பிப்ரவரியைவிட மார்ச்சில் தளம் முழுக்கக் கிளிக் 17% கூடியிருக்கிறது. ஆக இது பருவம்தான், புதிதாக ஒன்றும் இல்லை.

கடிதம் எழுதிவிட்டேன். வாழ்த்து வரி தவிர்த்து அப்படியே போடுகிறேன்.

> மார்ச் 4 அன்று 36 பக்கங்களின் டைட்டிலை மாற்றினோம். அடுத்த 28 நாட்களில் அவற்றின் கிளிக் 1,240இலிருந்து 1,612 ஆனது. இந்த உயர்வின் பெரும்பகுதி எங்கள் வேலையால் வந்ததல்ல. அதே நிலையில் இருந்து, அனுமதிக்காகக் காத்திருந்த 22 பக்கங்கள் எந்த மாற்றமும் இல்லாமல் 20% உயர்ந்தன. போன ஆண்டும் இதே காலத்தில் உங்கள் தளம் உயர்ந்தது.
>
> தெளிவாகப் பலன் தெரிந்தது ஒரு பக்கத்தில்: பாபின் கேஸ். அதன் டைட்டிலில் பாகத்தின் பெயர் இல்லை. சேர்த்தபின், மார்ச் 7 அன்று கூகுள் பக்கத்தை மீண்டும் படித்தது. சில நாட்களில் 9ஆம் இடத்திலிருந்து 4ஆம் இடத்துக்கு வந்தது. கிளிக் 160இலிருந்து 370. இதே கோளாறு இருந்த மற்ற 8 பக்கங்களையும் சரிசெய்தோம். அவற்றுக்குத் தேடலே குறைவு, எனவே பலனை இப்போது சொல்ல முடியாது.
>
> ஏற்கெனவே சரியாக இருந்த 27 டைட்டில்களில் விலை, அனுப்புதல் பற்றிய சொற்களைச் சேர்த்தோம். அதனால் பலன் தெரியவில்லை. 11 பக்கங்களில் கூகுள் எங்கள் சொற்களைக் காட்டவே இல்லை. இந்த வகை வேலையை மேற்கொண்டு செய்யப் பரிந்துரைக்கவில்லை.
>
> சராசரி இடம் 8.1இலிருந்து 9.4 ஆகக் காட்டும். பழைய தேடல்களில் நீங்கள் இறங்கவில்லை. முன்பு தோன்றாத தேடல்களில் பின்வரிசையில் தோன்ற ஆரம்பித்திருப்பதால் சராசரி அப்படி வருகிறது. தேடல் சொல் வாரியான பட்டியலைக் கூட்டினால் 1,612 வராது. மிகக் குறைவானவர்கள் தேடும் சொற்களை கூகுள் அந்தப் பட்டியலில் மறைத்துவிடும்.
>
> அடுத்த மாதம்: தளம் முழுக்க டெம்ப்ளேட் டைட்டில் உள்ள பக்கங்களைத் தேடிச் சரிசெய்வோம். காத்திருக்கும் 22 பக்கங்களில் பாதியை மட்டும் மாற்ற அனுமதி கேட்கிறோம்.

வேகப்பந்து · ஏப்ரல் 8, காலை 8:15

"எங்கள் வேலையால் வந்ததல்ல" என்று தன் கையாலேயே எழுதிய ஏஜென்சியை இப்போதுதான் பார்க்கிறேன். துணிச்சல்தான், நான் அனுப்ப மாட்டேன். குறைந்தபட்சம் பாபின் கேஸை முதல் பத்தியில் வையுங்கள்.

மறுகரை · ஏப்ரல் 8, காலை 9:33

வேகப்பந்து சொன்னதில் கடைசி வரிக்கு என் ஓட்டு. பாபின் கேஸ் முதலில் வரட்டும், அது ஒளித்து வைக்கும் விஷயம் இல்லை. "இந்த வகை வேலையைப் பரிந்துரைக்கவில்லை" என்ற வரிக்காகவே நான் இந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொள்வேன்.

ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது. மொத்தத்தில் உங்கள் வேலையால் எத்தனை கிளிக் கூடுதல்? நான் போட்டால் 1,240க்கு 20% சேர்த்து 1,488, அதைக் கழித்தால் 124.

பழையமரம் · ஏப்ரல் 8, காலை 10:20

அந்த 124ஐப் போடாமல் விட்டதே நல்லது. அது உடைந்த பக்கங்களில் கூடிய 188, மெருகுப் பக்கங்களில் குறைந்த 64 இரண்டின் கலவை. அந்த 64 நிஜமா தற்செயலா என்று தெரியாதபோது கழித்து வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

மறுகரை · ஏப்ரல் 8, காலை 10:51

பொருள் இல்லை என்று சொல்லிவிடுவது உங்களுக்கு எளிது. மேலே எனக்கு ஒருவர் இருக்கிறார், அவர் ஒரே எண்தான் கேட்பார். நான் கொடுக்காவிட்டால் அவரே 372 என்று கழித்துக்கொள்வார். "சுமார் நூறு, நிச்சயமில்லை" என்று எழுதினால் என்ன கெட்டுப்போகும்?

பழையமரம் · ஏப்ரல் 8, காலை 11:05

"நிச்சயமில்லை" முதல் கூட்டத்திலேயே உதிர்ந்துவிடும், நூறு மட்டும் நிற்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை.

தறிக்காரன் · ஏப்ரல் 9, மாலை 4:44

இருவரும் சொல்வது புரிகிறது. பாபின் கேஸை மேலே ஏற்றினேன், 124ஐப் போடவில்லை. முதலாளி இரண்டு முறை படித்துவிட்டு "எங்கள் வேலையால் வந்ததல்ல" என்பதை "பருவத்தால் வந்தது" என்று மாற்றினார். சரி, பொய் இல்லை, முழுசும் இல்லை. அனுப்பியாயிற்று.

கிளையண்டிடமிருந்து ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. எதிர்பார்த்த கேள்வி இல்லை: "அந்த 27 பக்கங்களையும் பழையபடி மாற்றிவிடலாமா?"

பழையமரம் · ஏப்ரல் 9, மாலை 6:20

கெடுத்ததற்கு ஆதாரம் இல்லை, எனவே அவசரம் இல்லை. மாற்றினால் மறுபடி க்ரால் ஆகும் வரை இன்னொரு கலப்புக் காலம் வரும், ஏப்ரல் கணக்கும் குழம்பும். நான் விட்டுவைப்பேன்.

வேகப்பந்து · ஏப்ரல் 9, மாலை 6:41

நான் மாற்றிவிடுவேன். பலன் இல்லாத ஒன்றைத் தளத்தில் தொங்கவிடுவானேன்? எல்லாப் பக்கத்திலும் ஒரே வால் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கே அசிங்கமாகப் படுகிறது.

தறிக்காரன் · ஏப்ரல் 10, காலை 9:58

அதைக் கிளையண்டே முடிவு செய்யட்டும். 22இல் பாதிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. முகவரிகளை அகரவரிசையில் அடுக்கி ஒன்று விட்டு ஒன்று மாற்றப் போகிறேன். இந்த முறை மாற்றுவதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் தேடல் முடிவைப் படம் எடுத்தாயிற்று.

பழையமரம் · ஏப்ரல் 10, காலை 10:30

அகரவரிசை வேண்டாம். கிளிக் எண்ணிக்கைப்படி அடுக்குங்கள். பக்கத்து எண்ணிக்கை உள்ள இரண்டிரண்டை ஜோடி சேர்த்து, ஜோடியில் எதை மாற்றுவது என்று நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். பெரிய பக்கங்கள் எல்லாம் ஒரே பக்கம் விழுந்துவிட்டால் மறுபடி ஒரு பாபின் கேஸ் முழுக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

தறிக்காரன் · ஏப்ரல் 10, காலை 10:47

சரி. மொத்தம் 11 ஜோடி. முதல் ஜோடியில் பிரஷர் ஃபுட் பக்கம் 96 கிளிக், பெல்ட் பக்கம் 91. பெல்ட் மாறுகிறது.